வாடகைக் கிடங்கில் இருப்புக் கணக்கெடுப்பும் வித்தியாச அறிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சரக்கு வெளியார் கிடங்கில் இருக்கிறது. இருப்பு எவ்வளவு என்று கேட்டால் பத்து நிமிடத்தில் மின்னஞ்சலில் பட்டியல் வந்துவிடுகிறது. அது போதாதா?

போதாது. பத்து நிமிடத்தில் வருவது அவர்கள் கணினியிலிருந்து அச்சிட்ட பட்டியல். யாரும் ரேக் அருகே போய் எண்ணியிருக்க மாட்டார்கள். நோட்டுப் புத்தக மொத்த வியாபாரத்தில் பல ஆண்டுகளாக இருப்புக் கணக்கைப் பார்த்துவருகிறேன். ஒரு பருவம் முழுவதும் அந்தப் பட்டியலையே எண்ணிக்கை என்று நம்பியிருந்தோம். பள்ளி திறக்கும் வாரத்தில் கடைக்காரருக்கு ஒப்புக்கொண்ட சரக்கு ரேக்கில் இல்லை என்று தெரிந்தபோது, வேறு இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெளியார் கிடங்கு என்றால் மூன்று எண்கள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் உள்ள எண் ஒன்று. கிடங்கின் கணினியில் உள்ள எண் இன்னொன்று. ரேக்கில் உண்மையாக இருக்கும் எண் மூன்றாவது. முதலாவதும் இரண்டாவதும் பொருந்தவில்லையென்றால் பெரும்பாலும் காகிதத்தில் கோளாறு: பில் பதிவாகவில்லை, சலான் வந்து சேரவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தவில்லையென்றால் கோளாறு கிடங்கின் தரையில் இருக்கிறது. மூன்று எண்களும் அருகருகே வரும்படி கேட்காதவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாரக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? மாதிரி ஒன்று கிடைக்குமா?

நான் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கிடங்கு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் நிறுவனத்தின் பெயரில் தங்கள் கிடங்கில் உள்ள எல்லாச் சரக்கையும் வரும் சனிக்கிழமை மாலை 6 மணி நிலவரப்படி எண்ணித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை 6 மணிக்குத் தங்கள் கணினியில் உள்ள இருப்புப் பட்டியலை, எண்ணத் தொடங்கும் முன்பே எங்களுக்கு அனுப்பிவிடவும். கடைசி வரவுச் சீட்டு எண்ணையும் கடைசி அனுப்புகைச் சலான் எண்ணையும் அதில் குறிப்பிடவும். எண்ணுபவர்களிடம் கொடுக்கும் தாளில் கணினி எண் இருக்கக் கூடாது. வித்தியாசம் வரும் பொருள்களை வேறு ஆட்களைக் கொண்டு மறுமுறை எண்ணவும். இரண்டு எண்ணிக்கையையும் அறிக்கையில் காட்டவும். சேதமான சரக்கு, திரும்பி வந்த சரக்கு, வாசலில் இறக்கி இன்னும் பதிவாகாத சரக்கு ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணவும். எங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வரும்வரை கணினியில் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம். எங்கள் தரப்பில் ஒருவர் உடனிருப்பார். அறிக்கை செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் மரியாதைச் சொற்களைக் கூட்டலாம், குறைக்கலாம். நேரம், கடைசிச் சீட்டு எண்கள், திருத்தம் செய்ய வேண்டாம் என்ற வரி ஆகிய மூன்றையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். கணக்கெடுப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு இத்தனை முறை இலவசம், அதற்கு மேல் ஆள்கூலி என்று எழுதியிருக்கும்.

தேதி போட்டால் போதாதா? நேரமும் கடைசிச் சீட்டு எண்ணும் எதற்கு?

சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு ஒரு லாரி சரக்கு ஏற்றிப் போனது என்று வையுங்கள். சலான் போட்டாயிற்று. கணினியில் அதைக் கழித்தது இரவு 8 மணிக்கு. அந்தச் சரக்கு ரேக்கில் இல்லை, ஆனால் 6 மணிப் பட்டியலில் இருக்கிறது. எண்ணியவர் மீது தவறில்லை, பட்டியலும் பொய்யில்லை, ஆனாலும் வித்தியாசம் வந்துவிடும். இதைப் பிறகு பிரித்தெடுக்க உதவுவது கடைசிச் சலான் எண்தான். அந்த எண் வரையிலான சலான்கள் அனைத்தும் கணினியில் கழிந்துவிட்டனவா என்று எண்ணத் தொடங்கும் முன்பே பார்த்துவிடலாம். வரவுச் சீட்டுக்கும் இதே சோதனைதான்.

எண்ணும் நேரத்தில் வரவும் அனுப்புகையும் அடியோடு நிற்பது நல்லது. கிடங்குக்காரர்கள் அதற்கு இசையாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. எண்ணும்போது நகரும் சரக்கை ஒரு தனித் தாளில் நேரத்தோடு குறித்துவைக்கச் சொல்லலாம். பிறகு எண்ணிக்கையோடு போனதைக் கூட்டி, வந்ததைக் கழித்தால் 6 மணி நிலவரம் கிடைக்கும். அல்லது ஒவ்வொரு ரேக் வரிசையாக மூடி எண்ணச் சொல்லலாம். இரண்டாவது வழியில், மூடிய வரிசையிலிருந்து மூடாத வரிசைக்குப் பெட்டி நகர்ந்தால் அதே பெட்டி இரண்டு முறை எண்ணப்படும். எண்ணி முடித்த ஒவ்வொரு அடுக்கிலும் வண்ணச் சீட்டு ஒட்டினால் அது நடக்காது.

எங்கள் கணக்கு எண்ணை முன்கூட்டியே கொடுத்தால் அவர்களுக்கு வேலை சுலபமாகுமே?

சுலபமாகும். அதனால்தான் கொடுக்கக் கூடாது. தாளில் 236 பெட்டி என்று அச்சாகியிருந்தால், 229 வரை எண்ணிக் களைத்தவரின் கண் மீதி ஏழையும் எங்கேயாவது கண்டுபிடித்துவிடும். அவர் ஏமாற்றுவதாக நான் சொல்லவில்லை. உயரமான அடுக்கின் முன் வெயிலில் நிற்பவருக்கு விடை கையில் இருந்தால் அப்படித்தான் ஆகும். தாளில் ரேக் எண், பொருளின் பெயர், பெட்டிக்கு எத்தனை நோட்டு ஆகியவை இருக்கட்டும். எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கட்டும். ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

பட்டியலில் இல்லாத பொருள் கண்ணில் பட்டால் எழுத, தாளின் கீழே சில காலி வரிகளும் வேண்டும். அந்த வரிகள் இல்லாத தாளில், பட்டியலில் இல்லாத சரக்கு ‘மிகை’யாக வராமலே போய்விடும்.

பெட்டியாக எண்ணுவதா, நோட்டாக எண்ணுவதா?

முழுப் பெட்டிகளைப் பெட்டியாகவும், பிரித்த பெட்டிகளில் உள்ள உதிரியை நோட்டாகவும் தனித்தனிக் கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள். பெருக்கிக் கூட்டுவதை அறிக்கை தயாரிப்பவர் செய்யட்டும். ஒரே நோட்டு இரண்டு ஆலைகளிலிருந்து வந்தால் பெட்டிக் கணக்கு மாறும். ஒன்றில் 60, இன்னொன்றில் 72 இருக்கலாம். பெட்டியின் மேல் அச்சாகியிருப்பதைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

அறிக்கை எந்த வடிவில் வர வேண்டும்?

எக்செல் கோப்பாக வரட்டும். பிடிஎஃப் மட்டும் வந்தால் வடிகட்டிப் பார்க்க முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு வரி. பொருள் குறியீடு, பெயர், கிடங்கின் கணினி எண், முதல் எண்ணிக்கை, மறு எண்ணிக்கை, வித்தியாசம், எந்த ரேக், காரணம், அதற்கான சீட்டு எண். உங்கள் கணக்கு எண்ணையும் விலையையும் நீங்களே பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் என்ற கட்டத்தைத்தான் கிடங்குக்காரர்கள் காலியாக விடுவார்கள், அல்லது எல்லா வரியிலும் ‘எண்ணிக்கைப் பிழை’ என்று நிரப்புவார்கள். சீட்டு எண் இல்லாத காரணத்தை நான் ஏற்பதில்லை. ‘தவறாக அனுப்பிவிட்டோம்’ என்றால் எந்தச் சலானில், யாருக்கு என்று எழுத வேண்டும். காரணம் தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். நேர்மையான ‘தெரியவில்லை’ எனக்கு உதவும். கற்பனைக் காரணம் கெடுதல் செய்யும்.

எங்கள் கணக்கைவிட 780 நோட்டு குறைகிறது என்று வந்திருக்கிறது. திருட்டு என்று புகார் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். இதே போன்ற ஒன்றை எப்படிப் பிரிப்பது என்று எண்களோடு சொல்கிறேன். பொருள் 192 பக்க நீள நோட்டு, கோடு போட்டது, பெட்டிக்கு 60. உங்கள் கணக்கில் 14,880. கிடங்கின் கணினியில் 14,520. முதல் எண்ணிக்கை 14,100.

முதலில் உங்கள் கணக்குக்கும் அவர்கள் கணினிக்கும் உள்ள 360-ஐப் பாருங்கள். அது சரியாக ஆறு பெட்டி. ஆலையின் பில்லை உங்கள் கணக்கர் சனிக்கிழமை காலையிலேயே பதிந்துவிட்டார். லாரி மாலை ஐந்தரைக்கு வந்தது. பெட்டிகளை வாசலில் இறக்கி, வரவுச் சீட்டு போடாமல் ஓரமாக வைத்திருந்தார்கள். பதிவாகாத சரக்கைத் தனியாக எண்ணச் சொல்லியிருந்ததால் அந்தத் தாளில் ஆறு பெட்டிகளும் இருந்தன. இந்த 360 குறையவே இல்லை.

மீதி 420. மறுமுறை எண்ணியபோது 14,220 வந்தது. அட்லஸ் நோட்டு இருக்கும் வரிசையின் பின்புறம் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. இடம் போதாமல் யாரோ அங்கே வைத்துவிட்டு, ரேக் எண்ணை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். 120 திரும்பி வந்தது. இப்போது குறைவு 300.

அறிக்கையில் அடுத்த வரியைப் பாருங்கள்: அதே 192 பக்க நீள நோட்டு, கோடு போடாதது, 240 மிகை. இரண்டு பெட்டிகளும் ஒரே அளவு, ஒரே நிறம், பக்கவாட்டில் ஒரு சொல் மட்டும் வேறு. ஒரு கடைக்காரர் கோடு போடாதது நான்கு பெட்டி கேட்டிருந்தார். கோடு போட்டது நான்கு பெட்டி போய்விட்டது. ஒன்றில் 240 குறைவும் மற்றதில் 240 மிகையும் வந்ததற்கு அதுதான் காரணம். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டால் உறுதியாகிவிடும். எண்ணை மட்டும் திருத்திவிட்டு நிற்காதீர்கள்: அவர் சரக்கை மாற்றிக்கொள்கிறாரா, வைத்துக்கொள்கிறாரா என்று கேட்டு பில்லைச் சரி செய்ய வேண்டும்.

இன்னும் 60. சேதப் பகுதியைத் தனியாக எண்ணிய தாளில் 36 நோட்டு இருக்கிறது. கூரை ஒழுகி நனைந்தவை. ரேக்கிலிருந்து எடுத்துப் போட்டவர்கள் கணினியில் சேதக் கணக்குக்கு மாற்றவில்லை. அவை விற்கும் சரக்கு அல்ல, ஆனால் காணாமல் போகவும் இல்லை.

கடைசியாக 24 நோட்டு. பிரித்த பெட்டி ஒன்றிலிருந்து குறைந்திருக்கிறது. இதற்குத்தான் உண்மையில் விடை இல்லை. 780-க்குப் புகார் கொடுத்திருந்தால் ஒரு நல்ல கிடங்கின் உறவையும் உங்கள் சொல்லின் மதிப்பையும் ஒருசேர இழந்திருப்பீர்கள். இந்த 24-க்கு விளக்கம் கேட்டால் யாரும் மறுக்க முடியாது.

இப்படிக் காரணம் தேட எங்கிருந்து தொடங்குவது? பட்டியலில் நூறு வரிகள் இருக்கின்றனவே.

எண்ணின் உருவத்தைப் பாருங்கள். வித்தியாசம் முழுப் பெட்டிகளாக வந்தால் பதிவுப் பிழை, இடம் மாறியது, பொருள் மாறியது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ஐந்து, பதினொன்று என்று உதிரியாக வந்தால் சேதம், பிரித்த பெட்டியில் எண்ணும் பிழை, அல்லது கைநீட்டு. வித்தியாசம் ஏதாவது ஒரு சலானின் அளவுக்குச் சரியாகப் பொருந்தினால் அந்தச் சலான் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. வித்தியாசத்தின் சரிபாதி ஒரு சலானோடு பொருந்தினால், வரவை அனுப்புகையாகவோ அனுப்புகையை வரவாகவோ பதிந்திருக்கிறார்கள். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மொத்தத்தில் 60 நோட்டுதான் வித்தியாசம், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்கிறார் கிடங்கு மேலாளர்.

மேலே சொன்ன இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 300 குறைவு, 240 மிகை. கழித்தால் 60. நோட்டு 38 ரூபாய் என்று வைத்தால் 2,280 ரூபாய். அவர் சொல்வது இந்த எண். ஆனால் கழிக்காமல் கூட்டினால் பொருந்தாமல் நிற்பது 540 நோட்டு, 20,520 ரூபாய். பணம் போனது எவ்வளவு என்பதை முதல் எண் சொல்கிறது. கிடங்கு எவ்வளவு கவனமாக வேலை செய்கிறது என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. இரண்டையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். C நிரலில் கணினி எண், D நிரலில் எண்ணிக்கை, E நிரலில் விலை இருந்தால், குறைவையும் மிகையையும் கழிக்காமல் கூட்ட இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(ABS(D2:D400-C2:C400)*E2:E400)
```

ஒப்பந்தத்தில் இவ்வளவு சதவீதம் வரை இழப்பு ஏற்கத்தக்கது என்று எழுதியிருந்தால், அது எந்த எண்ணைக் குறிக்கிறது என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்காது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கை வருவதற்கு முன்பே அவர்கள் கணினியைத் திருத்திவிட்டார்கள். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். திருத்தியதும் வித்தியாசம் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. அதோடு காரணத்துக்கான தடயமும் போய்விடுகிறது. எண்ணத் தொடங்கும் முன்பே பட்டியலை அனுப்பச் சொன்னது இதற்காகத்தான். அது உங்களிடம் இருந்தால் அதோடு ஒப்பிட்டு மீட்டுவிடலாம். இல்லையென்றால் எண்ணத் தொடங்கியதிலிருந்து நடந்த திருத்தப் பதிவுகளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடங்கு மென்பொருள்கள் திருத்தத்தை வரவு, அனுப்புகையிலிருந்து தனி வகையாகவே வைத்திருக்கும். யார், எப்போது, எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எங்கள் கணக்கை டேலியில் எப்படித் திருத்துவது?

விட்டுப்போன பில், சலான் எல்லாவற்றையும் முதலில் பதிந்து முடியுங்கள். அதன் பிறகும் மிஞ்சுவதைத்தான் திருத்த வேண்டும். டேலி பிரைமில் `Physical Stock` என்ற வவுச்சர் இருக்கிறது. அதில் எண்ணிய அளவைக் கொடுத்தால் அந்தத் தேதிக்கு இருப்பு அந்த எண்ணாகவே மாறிவிடும். வசதியானதுதான், ஆனால் ஓர் ஆபத்து உண்டு. பிறகு நீங்கள் முந்தைய தேதியில் ஒரு பில்லைப் பதிந்தால், இருப்பு எண்ணிய அளவிலேயே நிற்கும். பில்லின் அளவு வித்தியாசத்துக்குள் போய் மறைந்துவிடும். எங்கள் எடுத்துக்காட்டில் 36 சேதம், 24 விளங்காதது என்று காரணத்தோடு நிற்க வேண்டும் என்பதால் நான் `Stock Journal` வவுச்சரில் தனித்தனியாகக் குறிப்பெழுதிப் பதிகிறேன்.

குறைந்த சரக்குக்கு ஜிஎஸ்டி விஷயத்தில் ஏதாவது செய்ய வேண்டுமா? கிடங்கிடம் பணம் கேட்கலாமா?

தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு சொல்கிறது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். நோட்டுப் புத்தகத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை என்பதால் அதன் பிறகு வாங்கிய நோட்டுகளில் இந்தக் கேள்வி எழாது. அதே கிடங்கில் பேனா வைத்திருந்தால் எழும். இடம் மாறிய பெட்டிக்கும் பதியாத பில்லுக்கும் வரியைத் திருப்ப வேண்டியதில்லை; காரணத்தைப் பிரிப்பது இங்கும் கைகொடுக்கிறது.

பணம் கேட்பதற்கு ஒப்பந்தமே அடிப்படை. அதோடு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவில், பிறர் பொருளை வைத்திருப்பவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது. கூரை ஒழுகுவதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்களா என்பது அந்த 36 நோட்டுக்கு முக்கியமான கேள்வி. நனைந்த பெட்டிகளைப் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட தாளோடு கேளுங்கள்.

எப்போது எண்ணச் சொல்வது நல்லது? தணிக்கையாளர் மார்ச் 31 என்கிறார்.

ஆண்டுக் கணக்கு முடிக்க அந்தத் தேதி வேண்டும், தவிர்க்க முடியாது. இருப்பு கணிசமானது என்றால் தணிக்கையாளர் தானே வந்து பார்க்கவும் கேட்பார். எனவே எண்ணும் தேதியை அவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். CARO 2020 ஆணை பொருந்தும் கம்பெனிகளில், ஏதாவது ஒரு சரக்கு வகையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்ததா, கணக்கில் சரிசெய்தார்களா என்று அவர் அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

ஆனால் எங்கள் தொழிலில் மார்ச் 31 அன்று கிடங்கு நிரம்பி வழியும். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கான சரக்கு அப்போதுதான் வந்து குவிகிறது. நடைபாதையில்கூடப் பெட்டி நிற்கும். அதனால் ஜூலைக் கடைசியில் இன்னொரு முழுக் கணக்கெடுப்பைக் கேட்டு வாங்குகிறேன். அப்போது ரேக்குகள் பாதிக்கு மேல் காலியாக இருக்கும், பின்வரிசையில் மறைந்த பெட்டிகள் தாமாகவே கண்ணில் படும். வேகமாக விற்கும் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் மாதம் ஒருமுறை, வேலை தொடங்கும் முன் காலையில் எண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோடு போட்டதும் போடாததும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.